கரண்ட் போனால் இன்சுலின் கெட்டுவிடுமா? புயலுக்கு முன் செய்ய வேண்டிய ஏற்பாடு

கேள்வி: புயல் எச்சரிக்கை விட்டிருக்காங்க. அம்மா மூணு வேளை சாப்பாட்டுக்கு முன்னாடி 8 யூனிட், ராத்திரி கிளார்ஜின் 22 யூனிட் போடுறாங்க. ஃப்ரிட்ஜுல ரெண்டு வகையிலும் அஞ்சஞ்சு பேனா இருக்கு. நாலஞ்சு நாள் கரண்ட் இல்லன்னா எல்லாம் வீணாயிடுமா? ஐஸ்ல போட்டு வைக்கலாமா? வெள்ளம் வந்து வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தா என்னென்ன எடுத்துக்கணும்?

பதில்:

வீணாகாது. இந்தப் பயத்தில்தான் பலரும் இன்சுலினை ஐஸில் புதைத்து நிஜமாகவே வீணாக்கிவிடுகிறார்கள். இன்சுலின் வெதுவெதுப்பைப் பல நாள் பொறுத்துக்கொள்ளும். உறைவதை ஒரு தடவைகூடப் பொறுக்காது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் சுலபம்.

திறக்காத பேனாவை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கச் சொல்வது, பெட்டியில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி வரை அது தாங்க வேண்டும் என்பதற்காக. குளிருக்கு வெளியே வந்ததும் அது கெட்டுப்போவதில்லை, அதன் ஆயுள் சுருங்குகிறது. பெரும்பாலான இன்சுலின்கள் 30 டிகிரிக்குள் 28 நாள் தாங்கும். அம்மா ராத்திரி போடும் நீண்ட நேர இன்சுலினான கிளார்ஜினுக்கும், சாப்பாட்டுக்கு முன் போடும் வேக இன்சுலின்களில் பெரும்பாலானவற்றுக்கும் இதுதான் கணக்கு. டெக்லுடெக் போன்ற சில 56 நாள் வரை போகும். சில கலவை பேனாக்களுக்கு 10 அல்லது 14 நாள்தான். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் உங்கள் மருந்துக்கான நாள் இருக்கும். கரண்ட் இருக்கும்போதே அதைத் தேடிப் படித்துவிடுங்கள். இருட்டில் அந்தப் பொடி எழுத்தைப் படிக்க முடியாது.

30 டிகிரியைத் தாண்டினால் என்ன ஆகும்? அன்றைக்கே செத்துவிடாது. கென்யாவின் டடாப் அகதி முகாம்களில் ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில் வெப்பம் 25க்கும் 37க்கும் இடையே ஏறி இறங்குகிறது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து அந்த ஏற்ற இறக்கத்தை ஆய்வுக்கூடத்தில் அப்படியே உண்டாக்கி, பல வகை இன்சுலின்களை நான்கு வாரம் அதில் வைத்துப் பார்த்தார்கள். குளிரில் வைத்ததற்கும் அதற்கும் வீரியத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று 2021இல் வெளியிட்டார்கள். இதைச் சாக்காக வைத்து வெயிலில் போடலாம் என்று அர்த்தம் இல்லை. நிழலில் இருந்த இன்சுலினுக்குத்தான் இது பொருந்தும். மூடிய வண்டிக்குள் ஒரு மதியம் கிடந்த பேனாவின் கதை வேறு, அங்கே 50 டிகிரியைத் தாண்டும்.

சரி, உறைதலுக்கு வருவோம். ஐஸ் கட்டியையோ, ஃப்ரீசரிலிருந்து நேரே எடுத்த ஜெல் பேக்கையோ பேனா ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கும் திரவம் உறையக்கூடும். உறைந்தால் இன்சுலினின் புரதம் கட்டமைப்பு குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மறுபடி உருகும்போது கலங்கல் வகையில் கட்டி கட்டியாகத் தெரியலாம், தெளிவான வகையில் ஒன்றுமே தெரியாமலும் போகலாம். கிளார்ஜின் தெளிவான வகை. அதனால்தான் உறைந்ததைக் கண்ணால் பார்த்துத் தேற்றிக்கொள்ளக் கூடாது. உறைந்தது உறுதி என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

புயலுக்கு முன்பே இந்தத் தவறு நடப்பதுண்டு. குளிரைச் சேர்த்து வைக்கலாம் என்று ஃப்ரிட்ஜைக் கடைசி எண்ணுக்குத் திருகி வைப்பார்கள். பின்சுவரை ஒட்டியும், ஃப்ரீசர் அறைக்கு நேர் கீழேயும் இருக்கும் பொருட்கள் இரவோடு இரவாக உறைந்துவிடும். திருகாதீர்கள். அதற்குப் பதில் இரண்டு மூன்று தண்ணீர் பாட்டில்களை முக்கால்வாசி நிரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். இன்சுலின் நடுத்தட்டின் முன்பக்கத்திலோ கதவிலோ இருக்கட்டும்.

கரண்ட் போன பிறகு ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். அதற்குள் கரண்ட் வந்துவிட்டால் எதையும் தொட வேண்டாம். வரவில்லை என்றாலும் அவசரம் ஒன்றும் இல்லை. ஃப்ரிட்ஜ் மெல்ல அறை வெப்பத்துக்கு வரும், அப்போதிலிருந்து அந்தப் பேனாக்களுக்கு 28 நாள் கணக்கு தொடங்குகிறது. அன்றைய தேதியை மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றின் மேலும் எழுதுங்கள். மூடியில் எழுதாதீர்கள், மூடிகள் மாறிப்போகும். கரண்ட் திரும்பியதும் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஆனால் கடந்த நாட்கள் திரும்ப வராது. அந்த 28 நாளுக்குள் அவற்றை முதலில் தீர்த்துவிட்டு, புதிதாக வாங்குபவற்றைப் பின்னால் வையுங்கள். 28 நாளில் தீராத அளவு இருந்தால் மீதியை அதற்குப் பின் ஒதுக்க வேண்டியிருக்கும். அது பண நஷ்டம், ஆபத்து இல்லை.

வீட்டில் எங்கே வைப்பது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் தரை, வெள்ளம் முதலில் வருவதும் அங்கேதான். உயரம் என்று பரணில் வைத்தால் கூரைச் சூடு இறங்கும். வெயில் படாத உள்ளறையில், தோள் உயரத்தில் உள்ள அலமாரித் தட்டு நல்ல இடம். அடுப்பு, ஜன்னல், இன்வெர்ட்டர் பக்கம் வேண்டாம்.

அறை 30 டிகிரிக்கு மேல் போகும் என்று தெரிந்தால் மட்டும் குளிர் பெட்டி தேவை. புயல் கரையைக் கடந்த மறுநாள் வெயில் அடித்து, காற்றாடியும் ஓடாமல் புழுங்குமே, அந்த நாட்கள்தான் இதற்குரியவை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த பாட்டிலை நேராகப் பெட்டியில் போடாதீர்கள். வெளியே வைத்துக் காத்திருங்கள். முதலில் மேலே வெண்பனி படிந்திருக்கும், அப்புறம் அது கரைந்து வியர்க்கும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும், பனிக்கட்டி பாட்டிலில் மோதும். அந்த நிலைக்கு வந்த பிறகு பாட்டிலின் மேல்பரப்பு பூஜ்யத்துக்குக் கீழே இருக்காது. தடுப்பூசி எடுத்துச் செல்பவர்களும் இப்படித்தான் ஐஸ் பேக்கைத் தயார் செய்கிறார்கள். அதைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைத்து, இன்சுலினை ஜிப் பையில் போட்டு மறுபக்கம் வையுங்கள், நடுவே இன்னொரு துண்டு இருக்கட்டும். உங்கள் நோக்கம் 4 டிகிரி அல்ல, 25ஐ ஒட்டி இருந்தாலே போதும். உறைதலின் பக்கம் நெருங்குவதைவிட வெதுவெதுப்பின் பக்கம் தள்ளி நிற்பதே மேல். சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றைப் பேனாக்களோடு போட்டு வைத்தால் ஊகம் தேவையில்லை.

ஈரம் ஆவியாகும்போது குளிரும் மண்பானைகளும், தண்ணீரில் நனைத்து எடுக்கும் துணிப் பைகளும் இருக்கின்றன. வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். ஆனால் மழையும் புயலும் அடிக்கும்போது காற்றே ஈரமாக இருப்பதால் தண்ணீர் ஆவியாகாது, பை குளிராது. வெயில் திரும்பி, காற்று ஓரளவு காய்ந்த பின்தான் இவை கைகொடுக்கும். அதையும் நிழலில், காற்றோட்டத்தில் வைக்க வேண்டும், மூடிய பெட்டிக்குள் அல்ல.

இப்போது பை. பொதுவாகப் பட்டியல் போடுவதைவிட உங்கள் அம்மாவின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வீட்டை விட்டுப் போனால் திரும்பி வந்து, மருந்துக்கடை திறந்து, சரக்கும் வருவதற்கு இரண்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். வேக இன்சுலின் ஒரு நாளுக்கு 24 யூனிட். ஒவ்வொரு தடவையும் ஊசியில் மருந்து வருகிறதா என்று பார்க்க 2 யூனிட் வெளியே விட வேண்டும், அது நாளுக்கு 6. ஆக 30. ஒரு பேனாவில் 300 யூனிட், பத்து நாள் வரும். கிளார்ஜின் 22, சோதனைக்கு 2, மொத்தம் 24. ஒரு பேனா 12 நாள். இரண்டு வாரத்துக்கு எந்த வகையிலும் ஒரு பேனா போதாது, இரண்டு வேண்டும். உடைந்தாலோ தொலைந்தாலோ என்று ஒன்று கூடுதல். ஆக வகைக்கு மூன்று. இப்போது பயன்பாட்டில் இருக்கும் பேனாவும் இந்த மூன்றில் சேரும், ஆனால் அது பாதிக்கு மேல் காலியாகியிருந்தால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அந்த மூன்றையும் ஒரே பையில் வைக்க வேண்டாம். இரண்டு அம்மாவின் கைப்பையில், ஒன்று வேறொருவர் பையில். ஒரு பை தண்ணீரில் போனாலும் மற்றது இருக்கும். இந்தப் பிரிவுக்கு இன்னொரு பயனும் உண்டு, கீழே சொல்கிறேன். எடுக்காமல் விட்டுவந்த பேனாக்கள் ஃப்ரிட்ஜிலேயே, இறுக்கி மூடிய ஜிப் பையில் மேல்தட்டில் இருக்கட்டும். உறைகிற மூலை மட்டும் வேண்டாம்.

ஊசி ஒரு நாளுக்கு நான்கு, 14 நாளுக்கு 56. நூறு ஊசிப் பெட்டி ஒன்று போதும். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் விஷயத்தில் பலரும் குறைத்துப் போடுவார்கள். வழக்கமாக நாளுக்கு மூன்று நான்கு தடவை பார்ப்பவருக்கு இந்த நாட்களில் ஆறு தேவைப்படும். சாப்பாட்டு நேரம் மாறும், மன அழுத்தம், அலைச்சல், காய்ச்சல் வரலாம். 14 நாளுக்கு 84. ஐம்பது கொண்ட இரண்டு டப்பா. ஸ்ட்ரிப்பின் எதிரி வெப்பத்தைவிட ஈரம். டப்பாவின் உட்சுவரிலேயே ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது, அதனால் வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது. ஒன்றை எடுத்ததும் மூடியைச் சட்டென்று அழுத்தி மூடுங்கள். ஃப்ரிட்ஜிலோ ஐஸ் பெட்டியிலோ ஸ்ட்ரிப்பை வைக்காதீர்கள், ஐஸ் உருகிய தண்ணீர் ஒரு டப்பாவையே கெடுத்துவிடும். குளிர் பெட்டி தனி, உலர் பை தனி.

கூடவே குளுக்கோமீட்டரும் அதற்குரிய மாற்று பேட்டரியும், லான்செட், ஸ்பிரிட் பஞ்சு, தடித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று (பயன்படுத்திய ஊசிகளுக்கு), குளுக்கோஸ் மாத்திரை அல்லது பொடி. மருந்துச் சீட்டின் நகலைப் பையில் போட்டு, கைபேசியிலும் படமாக வையுங்கள். அதில் இன்சுலின் பெயர், வேளை, யூனிட், அதன் செறிவு எல்லாம் தெளிவாக இருக்கட்டும். முதல் வகை நீரிழிவு உள்ளவர் என்றால் கீட்டோன் ஸ்ட்ரிப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செறிவு என்றேனே, அதை விளக்கியாக வேண்டும். ஆபத்தான பிழை நடக்கும் இடம் அது. பேனா கிடைக்காமல், நிவாரண இடத்தில் யாராவது குப்பி மருந்தும் சிரிஞ்சும் கொடுப்பார்கள். பொதுவாக இரண்டு செறிவுக் குப்பிகள் புழக்கத்தில் உள்ளன, ஒரு மில்லியில் 100 யூனிட், ஒரு மில்லியில் 40 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு. 100க்கு உரியதற்குப் பெரும்பாலும் ஆரஞ்சு மூடி, 40க்கு உரியதற்குச் சிவப்பு மூடி. ஆனால் மூடி நிறத்தை மட்டும் நம்பாமல் சிரிஞ்சின் மேல் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். அம்மாவுக்கு 20 யூனிட் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 குப்பியிலிருந்து, 40 சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் வருவது அரை மில்லி. அதில் இருப்பது 50 யூனிட். உயிருக்கே ஆபத்தான அளவு. தலைகீழாகச் செய்தால் 8 யூனிட்தான் போகும், சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், ஏன் என்று யாருக்கும் புரியாது. குப்பியில் என்ன எண்ணோ அதே எண் சிரிஞ்சிலும் இருக்க வேண்டும். 100 குப்பி கிடைக்கும்போது இந்தப் பிழையைத் தடுக்க எளிய வழி, 100 யூனிட் சிரிஞ்ச் நான்கைந்தைப் பையிலேயே வைத்துக்கொள்வது.

பேனாவின் பொத்தான் உடைந்து சிக்கிக்கொண்டாலும் அந்த சிரிஞ்ச் உதவும். பேனா முனையின் ரப்பரை ஸ்பிரிட்டால் துடைத்து, சிரிஞ்ச் ஊசியைக் குத்தி வேண்டிய யூனிட்டை இழுக்கலாம். உள்ளே காற்றை ஏற்றாதீர்கள். ஒருமுறை இப்படி எடுத்த பேனாவை மறுபடி பேனாவாகப் பயன்படுத்தக் கூடாது, காற்று புகுந்து அளவு தவறும். இன்னொன்று, இது ஒரு மில்லியில் 100 யூனிட் என்று எழுதிய பேனாவுக்கு மட்டும்தான். 200, 300 யூனிட் செறிவுள்ள பேனாக்களும் இருக்கின்றன. அவற்றிலிருந்து சிரிஞ்சில் எடுத்தால் இரண்டு, மூன்று மடங்கு மருந்து போய்விடும். கிளார்ஜினிலேயே 100உம் உண்டு, 300உம் உண்டு, அதனால் அம்மாவின் பேனாவை இன்றே பார்த்து வையுங்கள்.

இன்சுலின் வேலை செய்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவான வகை தண்ணீர்போல இருக்க வேண்டும், மங்கலோ மஞ்சளோ துகளோ இருந்தால் வேண்டாம். கலங்கல் வகையை உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டினால் சீராகப் பால்போல வர வேண்டும், கட்டி மிதந்தாலோ குப்பிச் சுவரில் பனி படிந்ததுபோல் ஒட்டியிருந்தாலோ வேண்டாம். ஆனால் பார்வைக்கு நன்றாக இருந்தும் வீரியம் குறைந்திருக்கலாம். கடைசித் தீர்ப்பு குளுக்கோமீட்டருடையது. வழக்கமான அளவு, வழக்கமான சாப்பாடு, காய்ச்சல் இல்லை, இருந்தும் இரண்டு மூன்று வேளையாக சர்க்கரை 250க்குக் கீழே வர மறுக்கிறது என்றால் அளவைக் கூட்டுவதற்கு முன் பேனாவை மாற்றிப் பாருங்கள். அதே பையில் இருந்ததை எடுக்காமல், மற்றவர் பையில் இருந்ததை எடுங்கள். பிரித்து வைத்ததன் இரண்டாவது பயன் இதுதான். அதில் சர்க்கரை இறங்கினால் முதல் பையின் மருந்து வெப்பம் வாங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

குளுக்கோமீட்டரையே ஏமாற்றுவது விரல். குளுக்கோஸ் பொடி ஒட்டிய விரலில் பார்த்தால் 300 என்று காட்டும், விரலைக் கழுவிப் பார்த்தால் 110 இருக்கும். சுத்தமான தண்ணீர் இல்லாதபோது ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய விட்டு, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டில் பாருங்கள்.

வெள்ளத் தண்ணீர் பட்ட ஊசியும் ஸ்ட்ரிப்பும் குப்பைக்குத்தான். தண்ணீரில் மூழ்கிய பேனாவும் அப்படியே, ரப்பர் முனையில் என்ன புகுந்தது என்று தெரியாது. மூடிய ஜிப் பைக்குள் உலர்ந்தே இருந்தது என்றால் பிரச்சினை இல்லை. வெயில் பட்டு வீரியம் குறைந்த இன்சுலினுக்கு மட்டும் விதிவிலக்கு தருவேன். கையில் வேறு எதுவுமே இல்லை, கடை இல்லை, மருத்துவமனை இல்லை என்றால், 30 டிகிரியைத் தாண்டி இருந்த இன்சுலினைப் போட்டுக்கொள்வது இன்சுலினே இல்லாமல் இருப்பதைவிட நல்லது. சர்க்கரையை அடிக்கடி பார்த்தபடி போடுங்கள், நல்லது கிடைத்த அன்றே பழையதை ஒதுக்குங்கள்.

அளவைப் பற்றி ஒன்று. இந்த நாட்களில் சர்க்கரை ஏறுவதைவிட இறங்குவதுதான் சட்டென்று ஆளைச் சாய்க்கும். சாப்பாடு வருகிறது என்று சொல்லி எட்டு யூனிட் போட்டுவிட்டு, சாப்பாடு இரண்டு மணி நேரம் தாமதமானால் அம்மா மயங்கிவிடலாம். தட்டு கைக்கு வந்த பிறகே வேக இன்சுலின். அந்த வேளை சாப்பாடே இல்லை என்றால் அது வேண்டாம். ஆனால் கிளார்ஜின் அப்படி இல்லை, சாப்பிடாத நாளிலும் அதை நிறுத்தக் கூடாது, அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை மருத்துவரிடம் இன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்து 70க்குக் கீழே காட்டினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். வாந்தி நிற்கவில்லை, மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்குகிறது, சர்க்கரை இறங்கவே இல்லை என்றால் பேனாவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் கிடைக்கும் வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கலவை இன்சுலின் போடுபவர்கள் யாராவது இதைப் படித்தால்: அதில் வேகமானதும் மெதுவானதும் பிரிக்க முடியாமல் சேர்ந்திருப்பதால், "சாப்பாடு இல்லாத வேளைக்கு எத்தனை யூனிட்" என்ற கேள்விக்கு உங்கள் மருத்துவரிடம் பதில் வாங்காமல் பையை மூடாதீர்கள். இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்கள், பம்ப் நின்றால் மாற்றாகப் போட வேண்டிய நீண்ட நேர இன்சுலினும் அதன் அளவும் மருந்துச் சீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.